கடனில் வாங்கிய பங்கு: சொந்தப் பணத்தின் வருவாயும் அழைப்பு விலையும்

பங்கு வாங்கும் செயலியில் இப்போது பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. முழுப் பணத்தையும் கட்டி வாங்கலாம். அல்லது எம்.டி.எஃப். என்ற பொத்தானைத் தொட்டு, ஒரு பகுதியை மட்டும் கட்டி வாங்கலாம். மீதியைத் தரகு நிறுவனம் வட்டிக்குக் கொடுக்கும். இரண்டாவதைத் தொட்டதும் கட்ட வேண்டிய தொகை பாதியாகவோ கால்வாசியாகவோ சுருங்கிவிடும். வட்டி எவ்வளவு, எத்தனை மடங்கு வாங்கலாம் என்பவையும் திரையில் தெரியும். இந்தப் பங்கு எந்த விலைக்கு இறங்கினால் தரகர் கூடுதல் பணம் கேட்பார் என்பது மட்டும் பளிச்சென்று தெரியும்படி எழுதப்பட்டிருக்காது.

அந்த விலையைத்தான் இந்தக் கட்டுரை 'அழைப்பு விலை' என்கிறது. தரகரிடமிருந்து 'மார்ஜின் கால்' வரும் விலை அது. அந்த விலையைச் சந்தை தீர்மானிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பங்கு அந்த விலையைத் தொடுமா என்பதைத்தான் சந்தை சொல்லும். அந்த விலை எது என்பது, எவ்வளவு கடன் வாங்கினோம் என்பதாலும், கடன் கொடுத்தவர் எவ்வளவு பாதுகாப்புக் கேட்கிறார் என்பதாலும் முடிவாகிறது. வாங்கும் நாளிலேயே, ஒரே ஒரு வகுத்தலில், அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று தொகைகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் வைத்துக்கொள்வோம். ஒரு பங்கின் விலை 500 ரூபாய். 400 பங்குகள் வாங்குகிறோம். மொத்த மதிப்பு 2,00,000 ரூபாய். கையிலிருந்து போட்டது 1,00,000. தரகர் கொடுத்த கடன் 1,00,000. வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே மூன்று தொகைகள் இருக்கின்றன: பங்குகளின் இன்றைய மதிப்பு, கடன் பாக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் நம்முடைய பணம். விலை ஏறினாலும் இறங்கினாலும் கடன் பாக்கி அசையாது. வட்டியால் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே விலையின் அசைவு முழுவதும் நம் பணத்தின் மேல்தான் விழும். பங்கு 10 ரூபாய் இறங்கினால் மொத்த மதிப்பில் 4,000 குறையும். அந்த 4,000-மும் நம் ஒரு லட்சத்திலிருந்தே போகும், தரகரின் ஒரு லட்சத்திலிருந்து ஒரு பைசாவும் போகாது. பங்குக்கு 2 சதவீத இறக்கம், நமக்கு 4 சதவீத இறக்கம். பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பவைதான்.

சொந்தப் பணத்தின் வருவாய்

ஆறு மாதம் கழித்துப் பங்கு 600 ரூபாய்க்குப் போகிறது என்று வைப்போம். மதிப்பு 2,40,000. கடன் 1,00,000, ஆறு மாத வட்டி 7,500, ஆக 1,07,500 கட்ட வேண்டும். கையில் நிற்பது 1,32,500. போட்டது ஒரு லட்சம், கிடைத்த ஆதாயம் 32,500. சொந்தப் பணத்தின் வருவாய் 32.5 சதவீதம். கடன் இல்லாமல் அதே ஒரு லட்சத்துக்கு 200 பங்கு வாங்கியிருந்தால் 20 சதவீதம்தான் கிடைத்திருக்கும்.

இனி மறுபக்கம். பங்கு அதே 20 சதவீதம் இறங்கி 400 ரூபாய் ஆகிறது. மதிப்பு 1,60,000. அதில் 1,07,500-ஐக் கழித்தால் 52,500. நட்டம் 47.5 சதவீதம். ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவுதான். ஆனால் ஏறும்போது வந்தது 32.5, இறங்கும்போது போனது 47.5. இரண்டுக்கும் நடுவே நிற்பது வட்டி. ஏறும்போது ஆதாயத்தில் 7.5-ஐ எடுத்துக்கொண்ட அதே வட்டி, இறங்கும்போது நட்டத்தோடு 7.5-ஐச் சேர்க்கிறது. கடனில் வாங்கினால் லாபமும் இரட்டிப்பு, நட்டமும் இரட்டிப்பு என்று பொதுவாகச் சொல்வது அதனால் சரியில்லை. லாபம் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு, நட்டம் இரட்டிப்புக்குச் சற்று அதிகம்.

இதைச் சூத்திரமாக எழுதினால்:

சொந்தப் பணத்தின் வருவாய் = (பங்கின் ஏற்ற இறக்கம் × மடங்கு) − (அந்தக் காலத்துக்கான வட்டி × (மடங்கு − 1))

மடங்கு என்பது மொத்த மதிப்பைச் சொந்தப் பணத்தால் வகுத்தால் வருவது. நம் எடுத்துக்காட்டில் 2. அரையாண்டு வட்டி 7.5 சதவீதம். 20 × 2 − 7.5 × 1 = 32.5. கணக்கு பொருந்துகிறது.

இப்போது மடங்கை 4 ஆக்கிப் பார்ப்போம். அதே 400 பங்கு. நாம் போடுவது 50,000 மட்டும், கடன் 1,50,000. பங்கு 20 சதவீதம் ஏறினால் 20 × 4 − 7.5 × 3 = 57.5 சதவீதம். ஆசை காட்டும் எண்தான். 20 சதவீதம் இறங்கினால் −80 − 22.5 = −102.5 சதவீதம். போட்ட 50,000-மும் போய், மேற்கொண்டு 1,250 ரூபாய் தரகருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பங்கின் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் இருக்கிறது, நம் பணத்தில் மட்டும் ஒன்றும் மிச்சமில்லை.

பங்கு அசையாமல் 500-லேயே நின்றாலும் நட்டம் உண்டு. இரண்டு மடங்குக்காரருக்கு ஆறு மாதத்தில் 7.5 சதவீதம், நான்கு மடங்குக்காரருக்கு 22.5 சதவீதம். முதலுக்கு மோசமில்லாமல் வெளியே வர, முதலாமவருக்குப் பங்கு 518.75-க்கும் இரண்டாமவருக்கு ஏறத்தாழ 528-க்கும் போயாக வேண்டும். இன்னும் காத்திருந்தால் இந்த விலைகள் நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பொறுமை பலன் தரும் என்ற பழைய முதலீட்டு அறிவுரை கடனில் வாங்கியவருக்கு அப்படியே பொருந்தாது. அவருடைய பொறுமைக்குத் தினசரி வாடகை உண்டு.

இங்கே விட்டுப்போகிற சில்லறைச் செலவுகளும் உண்டு. பங்கைக் கணக்கில் எடுத்து வைத்து விற்கும்போது, வாங்கும் மதிப்பில் 0.1 சதவீதமும் விற்கும் மதிப்பில் 0.1 சதவீதமும் பங்குப் பரிவர்த்தனை வரி. அது மொத்த மதிப்பின் மேல் விழுகிறது, சொந்தப் பணத்தின் மேல் அல்ல. 2,00,000-க்கு வாங்கி 2,40,000-க்கு விற்றால் 440 ரூபாய். ஒரு லட்சம் போட்டவருக்கு அது 0.44 சதவீதம், 50,000 போட்டவருக்கு 0.88. தரகுக் கூலியும் அப்படித்தான். எதிர்ப்பக்கம், ஈவுத்தொகை வந்தால் 400 பங்குக்கும் வரும். பங்குக்கு 5 ரூபாய் என்றால் 2,000. ஒரு லட்சத்துக்கு 2 சதவீதம். எதைச் சேர்த்தாலும் எதைக் கழித்தாலும், மொத்தத் தொகையில் கணக்கிட்டுச் சொந்தப் பணத்தால் வகுப்பதுதான் முறை.

அழைப்பு விலை

கடன் கொடுத்தவர் நம் பணம் முழுவதும் கரையும்வரை காத்திருக்க மாட்டார். பங்கின் இன்றைய மதிப்பில் குறைந்தது இத்தனை சதவீதம் உங்கள் பணமாக இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருப்பார். அதைப் பராமரிப்பு மார்ஜின் என்கிறார்கள். அது 25 சதவீதம் என்று வைத்தால், நம் எடுத்துக்காட்டில் எந்த விலையில் அந்தக் கோட்டைத் தொடுவோம்?

நம் பணம் 25 சதவீதம் என்றால் கடன் 75 சதவீதம். கடன் ஒரு லட்சம். ஒரு லட்சம் எதில் 75 சதவீதம்? 1,33,333-இல். அதை 400 பங்கால் வகுத்தால் 333.33 ரூபாய். அதுதான் அழைப்பு விலை.

அழைப்பு விலை = கடன் ÷ (பங்குகளின் எண்ணிக்கை × (1 − பராமரிப்பு விகிதம்))

500-இலிருந்து 333.33 வரை, அதாவது மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை, அழைப்பு இல்லை. பாதிப் பணம் போட்டவருக்கு இது வசதியான இடைவெளியாகத் தோன்றலாம். போட்ட பணத்தைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 80,000 போட்டு 1,20,000 கடன் வாங்கினால் அழைப்பு விலை 400; இடைவெளி 20 சதவீதம். 60,000 போட்டு 1,40,000 கடன் என்றால் 466.67, இடைவெளி 6.7 சதவீதம் மட்டும். 50,000 போட்டால் அழைப்பு விலை 500. வாங்கிய விலையே அழைப்பு விலை. வாங்கிய மறுநிமிடம் ஒரு ரூபாய் இறங்கினாலும் பணம் கேட்கப்படும்.

60,000-க்கும் 80,000-க்கும் வித்தியாசம் 20,000 ரூபாய்தான். ஆனால் தாங்கும் இறக்கம் 33 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக, மூன்று மடங்காகிறது. மடங்கு எவ்வளவு என்ற எண்ணைவிட இந்த இடைவெளிதான் முக்கியமானது. அதை நேராகவும் கணக்கிடலாம்: தொடக்க விகிதத்திலிருந்து பராமரிப்பு விகிதத்தைக் கழித்து, ஒன்றிலிருந்து பராமரிப்பு விகிதத்தைக் கழித்து வருவதால் வகுத்தால் போதும். 30 போட்டு 25 கோடு என்றால் 5-ஐ 75-ஆல் வகுக்க 6.7 சதவீதம். '30 சதவீதம் போட்டிருக்கிறேன், 30 சதவீத இறக்கத்தைத் தாங்குவேன்' என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு. தாங்குவது 30 அல்ல, 6.7.

வட்டியை மாதாமாதம் கட்டாமல் கடனோடு சேரவிட்டால் அழைப்பு விலையும் தானாக ஏறும். ஓர் ஆண்டு வட்டி 15,000. அதை 300-ஆல், அதாவது 400-இன் முக்கால் பங்கால், வகுத்தால் 50 ரூபாய். மாதத்துக்கு 4 ரூபாய் 17 காசு. ஆறு மாதம் கழித்து 333.33 இருந்த இடத்தில் 358.33 நிற்கும். பங்கு ஒரு காசுகூட இறங்காவிட்டாலும் கோடு நம்மை நோக்கி நடந்து வருகிறது.

இன்னொரு விலையையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். கடனைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 250. அந்த விலையில் நம் பணம் பூஜ்யம். அதற்குக் கீழே தரகரின் பணம் கரையும். 333.33-இலிருந்து 250-க்கு இறங்குவது சரியாக 25 சதவீத இறக்கம். பராமரிப்பு விகிதம் 25 என்பதன் உண்மையான பொருள் இதுதான்: அழைப்பு விட்ட பிறகு மேலும் 25 சதவீதம் இறங்கினாலும் கடன் கொடுத்தவருக்குச் சேதமில்லை. அந்தக் கோடு கடன் கொடுத்தவரைக் காப்பதற்காகப் போடப்பட்டது. வாங்கியவரைக் காக்கும் வேலை அதற்கு இல்லை.

அழைப்பு வந்த பிறகு

பங்கு 320-க்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். வட்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம். மதிப்பு 1,28,000. நம் பணம் 28,000. கோட்டின்படி இருக்க வேண்டியது 32,000. குறைவது 4,000. ரொக்கமாக 4,000 கட்டினால் கடன் 96,000 ஆகும், நம் பணம் 32,000 ஆகும், கணக்கு நேராகும்.

கையில் 4,000 இல்லை, பங்கை விற்றுத் தீர்க்கலாம் என்றால் 4,000-க்கு விற்றால் போதுமா? போதாது. விற்று வரும் பணம் கடனைக் குறைக்கிறது. நம் பணத்தைக் கூட்டுவதில்லை. நம்மிடம் இருக்கும் 28,000 என்பது 25 சதவீதமாக வேண்டுமானால் மொத்த மதிப்பு 1,12,000-ஆகச் சுருங்க வேண்டும். அதாவது 16,000 ரூபாய்க்கு, 50 பங்குகளை விற்க வேண்டும். குறைந்த தொகையின் நான்கு மடங்கு. கோடு 20 சதவீதமாக இருந்தால் ஐந்து மடங்கு. சிறு குறைவுக்குப் பெரிய விற்பனை நடந்துவிட்டதே என்று தரகரோடு சண்டை போடுவோர் பலரும் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வழியிலும் புதிய அழைப்பு விலை எது? ரொக்கம் கட்டியவருக்கு 96,000-ஐ 300-ஆல் வகுக்க 320. விற்றவருக்கு 84,000-ஐ, 350-இன் முக்கால் பங்கான 262.5-ஆல் வகுக்க 320. இரண்டுமே இன்றைய விலைதான். கேட்டதை மட்டும் கட்டினால் நாளைக்கு ஒரு ரூபாய் இறக்கமும் மறுபடி அழைப்பைக் கொண்டுவரும். அழைப்புகள் அடுத்தடுத்து வருவது இதனால்தான்.

இரண்டு வழிக்கும் வித்தியாசம் பின்னால்தான் தெரியும். பங்கு திரும்ப 500-க்கு வந்துவிட்டது என்று வைப்போம். ரொக்கம் கட்டியவர் மொத்தம் 1,04,000 போட்டிருக்கிறார்; கையில் 2,00,000 − 96,000 = 1,04,000. நட்டமில்லை. விற்றவரிடம் 350 பங்கு, 1,75,000. கடன் 84,000 போக 91,000. போட்டது ஒரு லட்சம். பங்கு வாங்கிய விலைக்கே திரும்பி வந்தும் அவருக்கு 9 சதவீத நட்டம். அந்த 50 பங்கை 180 ரூபாய் நட்டத்தில் விற்ற 9,000 அது. கட்டாய விற்பனை, ஏட்டில் மட்டும் இருந்த நட்டத்தை நிலையான நட்டமாக்கிவிடுகிறது.

அமெரிக்கா போட்ட கோடுகள்

1920-களின் நியூயார்க் சந்தையில் இவ்வளவு பணம் போட வேண்டும் என்று அரசு எதையும் விதிக்கவில்லை. தரகு நிறுவனங்களே நிர்ணயித்தன. 1929 செப்டம்பர் 3-இல் டௌ ஜோன்ஸ் குறியீடு 381.17-இல் முடிந்தது. அக்டோபர் 28-ஆம் தேதி ஒரே நாளில் 12.8 சதவீதமும் மறுநாள் 11.7 சதவீதமும் இறங்கியது. இரண்டு நாளில் 299-இலிருந்து 230-க்கு, அதாவது 23 சதவீதம். மேலே பார்த்த 20 சதவீத இடைவெளிக்காரர்கூட அந்த இரண்டு நாளைத் தாண்டியிருக்க முடியாது. அழைப்புக்குப் பணம் கட்ட முடியாதவர்களின் பங்குகள் விற்கப்பட்டன. அந்த விற்பனை விலையை மேலும் இறக்கியது. அந்த இறக்கம் அடுத்த வரிசையில் இருந்தவர்களின் அழைப்பு விலையைத் தொட்டது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1934-இல் வந்த பங்குப் பரிவர்த்தனைச் சட்டம், தொடக்க மார்ஜினை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குக் கொடுத்தது. 'ரெகுலேஷன் டி' என்ற அந்த விதியின் விகிதம் பலமுறை மாறியது. 1946-இல் ஓர் ஆண்டுக்கு 100 சதவீதமாகவே இருந்தது. அதாவது கடனில் வாங்க வழியே இல்லை. 1974 ஜனவரியிலிருந்து அது 50 சதவீதமாகவே நிற்கிறது. பராமரிப்புக் கோடு, தரகர்களின் ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்ரா விதிப்படி குறைந்தது 25 சதவீதம். பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. நம் எடுத்துக்காட்டில் 50, 25 என்று வைத்தது இந்த இரண்டு எண்களைத்தான். அமெரிக்க விதி 33 சதவீத இடைவெளியை உள்ளே வைத்துத் தைக்கப்பட்ட சட்டை.

இந்திய விதி

இந்தியச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2004-இல் இந்த வசதியை முறைப்படுத்தியபோது தொடக்கம் 50, பராமரிப்பு 40 என்று இரண்டு கோடுகளைப் போட்டது. நம் சூத்திரப்படி இடைவெளி 16.7 சதவீதம், அழைப்பு விலை 416.67. 2017 ஜூன் 13-ஆம் தேதி வந்த சுற்றறிக்கை அந்த முறையை மாற்றிவிட்டது. நிலையான விகிதத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு பங்கின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் பங்குச் சந்தை கணக்கிடும் இரண்டு எண்களிலிருந்து மார்ஜின் வருகிறது. முதலாவது 'வேல்யூ அட் ரிஸ்க்' விகிதம். இரண்டாவது, மிகக் கடுமையான நட்டத்துக்கான 'எக்ஸ்ட்ரீம் லாஸ்' விகிதம். முன்பேர வர்த்தகம் உள்ள பங்குகளுக்கு முதல் எண்ணோடு இரண்டாவதின் மூன்று மடங்கையும், மற்றவற்றுக்கு ஐந்து மடங்கையும் கூட்ட வேண்டும். முதல் எண் 14.5, இரண்டாவது 3.5 என்றால் 14.5 + 10.5 = 25 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மார்ஜினை எல்லா நேரத்திலும் பராமரிக்க வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. குறைந்தால் தரகர் அழைப்பு விட வேண்டும். ஆக, அமெரிக்காவைப் போல மேலே ஒரு தொடக்கக் கோடு, கீழே ஒரு பராமரிப்புக் கோடு என்று இடைவெளி கிடையாது. கேட்ட குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் இடைவெளி பூஜ்யம். நான்கு மடங்கு வாங்கலாம் என்று திரை சொல்வதை முழுதாக எடுத்துக்கொண்டவர், மேலே 50,000 போட்டவரின் நிலையில் இருக்கிறார். இடைவெளி வேண்டுமானால் அதை நாமே கூடுதல் பணம் போட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எந்த நிலையில் பங்குகளை விற்றுவிடுவோம் என்பதைத் தரகர் 'உரிமைகளும் கடமைகளும்' ஆவணத்தில் பட்டியலிட வேண்டும் என்பதும் விதி. படிக்காமல் ஒப்புதல் தட்டும் அந்த ஆவணத்தில்தான் கட்டாய விற்பனையின் விவரம் இருக்கிறது.

இன்னொன்று, விகிதமும் நிலையானதல்ல. சந்தை கொந்தளித்தால் 'வேல்யூ அட் ரிஸ்க்' ஏறும். தரகரும் பங்குச் சந்தையும் விதித்ததைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். 50 சதவீதம் போட்டவருக்கு 25 ஆக இருந்த விகிதம் 35 ஆனால், ஒரு லட்சத்தை 260-ஆல் வகுக்க அழைப்பு விலை 384.62. கடன் கூடவில்லை, பங்கின் எண்ணிக்கை மாறவில்லை. கோடு மட்டும் 51 ரூபாய் மேலே ஏறிவிட்டது. விலை இறங்கும் காலத்தில்தான் கொந்தளிப்பும் கூடும் என்பதால், விலை கீழே வருவதும் கோடு மேலே ஏறுவதும் சேர்ந்தே நடக்கும்.

இந்திய விதியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பான ஒரு கூறும் உண்டு. கடனில் வாங்கிய பங்கின் விலை ஏறினால், அந்த ஏற்றத்தைக் காட்டி மேலும் கடன் வாங்க முடியாது. ஏறிய லாபத்தின் மேல் மறுபடி கடன், அதன் மேல் மறுபடி பங்கு என்று அடுக்குவது இதனால் தடைபடுகிறது. அப்படி அடுக்கினால் ஒவ்வோர் அடுக்கிலும் அழைப்பு விலை சந்தை விலையோடு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டே வரும்.

ரொக்கத்துக்குப் பதில் பங்கு

மார்ஜினை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும், தகுதியுள்ள பங்குகளை அடமானம் வைக்கலாம். வீட்டில் இருக்கும் நகையை வைத்து நிலம் வாங்குவது போல இது எளிதாகத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி.

1,25,000 ரூபாய் மதிப்புள்ள பங்குகளை அடமானம் வைக்கிறோம். 20 சதவீதக் கழிவு போக அதற்கு ஒரு லட்சம் மதிப்பு தருகிறார்கள் என்று வைப்போம். மார்ஜின் அதே ஒரு லட்சம்தான். ஆனால் ரொக்கம் ஒன்றும் கட்டவில்லை, ஆகவே 2,00,000-மும் கடன். ஆண்டு வட்டி 15,000 அல்ல, 30,000. அடுத்து, சந்தை இறங்கினால் வாங்கிய பங்கும் அடமானப் பங்கும் சேர்ந்து இறங்கும். இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கினால், 25 சதவீதக் கோட்டைத் தொடுவது 20 சதவீத இறக்கத்தில். சரிபார்ப்போம்: வாங்கிய பங்கு 1,60,000 ஆகி 40,000 நட்டம், அடமானத்தின் மதிப்பு ஒரு லட்சத்திலிருந்து 80,000, நட்டம் போக மிச்சம் 40,000, 1,60,000-இல் 25 சதவீதமும் 40,000. ரொக்கம் போட்டவருக்கு 333.33 ஆக இருந்த அழைப்பு விலை இவருக்கு 400. வீட்டு நகையும் நிலமும் ஒரே நாளில் விலை இறங்குவது அரிது. இரண்டு பங்குகளுக்கு அது வழக்கம்.

கணக்குக்கு வெளியே இருப்பது

அழைப்பு விலையைச் சூத்திரம் காசு சுத்தமாகச் சொல்லும். அந்த விலையில் விற்க முடியும் என்று அது உறுதி சொல்லாது. விலை படிப்படியாக இறங்கும் என்பது சூத்திரத்தின் மறைமுகமான அனுமானம். 2020 மார்ச் 23-ஆம் தேதி நிஃப்டி ஒரே நாளில் 12.98 சதவீதம் இறங்கியது. தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4-ஆம் தேதி ஏறத்தாழ 6 சதவீதம். இவை 50 பெரிய நிறுவனங்களின் சராசரி. தனிப் பங்குகள் இதைவிட அதிகமாகவும் இறங்கின. 6.7 சதவீத இடைவெளி வைத்திருப்பவருக்கு, அழைப்பு வந்து, வங்கியிலிருந்து பணம் மாற்றிக் கட்டுவதற்கான அவகாசமே அப்படிப்பட்ட நாளில் இருக்காது.

முன்பேர வர்த்தகம் இல்லாத பங்குகளில் இன்னொரு சிக்கல். அன்றைய இறக்க வரம்பைத் தொட்டு 'லோயர் சர்க்யூட்'டில் பூட்டிக்கொண்டால் விற்க ஆள் நிறைய, வாங்க ஆள் இல்லை. தரகர் விற்க நினைத்தாலும் விற்க முடியாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் அப்படியே பூட்டி, கடைசியில் 240-இல் விற்பனை ஆனால், வருவது 96,000. கடன் ஒரு லட்சம். போட்ட ஒரு லட்சமும் போய் 4,000 பாக்கி. கடனில் வாங்கிய பங்கின் நட்டம் போட்ட பணத்தோடு நிற்காது என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும்.

சூத்திரத்தைத் திருப்பிப் போடுவது

இந்தக் கணக்கை வாங்கிய பிறகு போட்டால் அது வெறும் தகவல். வாங்கும் முன் திருப்பிப் போட்டால் முடிவெடுக்க உதவும். எத்தனை சதவீத இறக்கத்தை அழைப்பு இல்லாமல் தாங்க விரும்புகிறேன் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு சொந்தப் பணம் போட வேண்டும் என்று கேட்பதுதான் அந்தத் திருப்பம்.

சொந்தப் பண விகிதம் = பராமரிப்பு விகிதம் + தாங்க வேண்டிய இறக்கம் × (1 − பராமரிப்பு விகிதம்)

பங்கு 40 சதவீதம் இறங்கினாலும் அழைப்பு வரக்கூடாது, கோடு 25 என்றால்: 25 + 0.4 × 75 = 55 சதவீதம். கோடு 35 வரை ஏறலாம் என்று எச்சரிக்கையாக இருந்தால்: 35 + 0.4 × 65 = 61 சதவீதம். நம் எடுத்துக்காட்டில் 1,22,000 சொந்தப் பணம், 78,000 கடன். ஆறு மாதத்தில் பங்கு 20 சதவீதம் ஏறினால் இவருக்குக் கிடைப்பது 28 சதவீதம். பாதிக்குப் பாதி போட்டவருக்கு 32.5, கடனே இல்லாதவருக்கு 20.

ஒரு பக்கம் நாலரை சதவீதத்தை விட்டுக்கொடுத்து, மறுபக்கம் 300 ரூபாய் வரை நிம்மதியாக இருக்கலாம். அந்தப் பங்கு கடந்த ஐந்தாண்டுகளில் உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டு வரும் சொந்தப் பணம் உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பங்கைக் கடனில் வாங்காதீர்கள். இருந்தால், வாங்கும் முன் மூன்று விலைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: வட்டி சேர்த்து முதல் திரும்பும் விலை, அழைப்பு விலை, பணம் பூஜ்யமாகும் விலை. மாதம் ஒருமுறையும், தரகர் விகிதத்தை மாற்றும்போதெல்லாமும் அவற்றைத் திருத்தி எழுத வேண்டும்.